அட்டவணை 1-ல் p மதிப்பு வேண்டாம்

இரும்புச்சத்து மாத்திரை ஆய்வில் இரு குழுக்களின் தொடக்க நிலையைக் காட்டும் அட்டவணை 1-ஐப் பார்த்து ஒருவர் எழுதியது: "வயதில் p = 0.04 வந்திருக்கிறது. அப்படியானால் ரேண்டமைசேஷன் சரியாக நடக்கவில்லை."

அப்படி முடிவு கட்ட முடியாதுங்க. ஆட்களைக் குலுக்கல் முறையில் குழுக்களுக்குப் பிரிக்கும் ஒதுக்கீடு ஒழுங்காக நடந்திருந்தால் தொடக்கத்தில் தெரியும் வித்தியாசம் எல்லாமே தற்செயல்தான். இருபது வரிகளைச் சோதித்தால் சராசரியாக ஒன்று 0.05-க்குக் கீழே விழும். இத்தகைய ஆய்வுகளை எப்படி அறிக்கையிடுவது என்று சொல்லும் CONSORT வழிகாட்டியும் இந்தச் சோதனை வேண்டாம் என்கிறது.

உங்கள் அட்டவணையில் நான் கவலைப்படுவது வேறு வரி. தொடக்க ஹீமோகுளோபின் ஒரு குழுவில் 10.6, மற்றதில் 10.2; p = 0.10 என்பதால் விட்டுவிட்டீர்கள். இரும்புச்சத்து மாத்திரை ஆய்வில் முடிவை நேரடியாக இழுப்பது அதுதான். மேலும் குன்னூர் உயரத்தில் வாழ்பவர்களுக்கு, கூடலூர்க்காரர்களைவிட ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடும். ஆகவே எந்த எஸ்டேட்டில் எத்தனை பேர் என்ற வரியையும் சேருங்கள்.

சராசரியோடு திட்ட விலக்கம், எண்ணிக்கையோடு சதவீதம் போதும். அட்டவணை போடும் R தொகுப்பான gtsummary-யில் `add_p()` வரியை எடுத்துவிடுங்கள். அப்புறம், இறுதிப் பகுப்பாய்வில் தொடக்க ஹீமோகுளோபினுக்குச் சரிசெய்யுங்கள். ஆனால் எதற்குச் சரிசெய்வது என்பது நெறிமுறையிலேயே எழுதியிருக்க வேண்டும்; அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

"p மோசடியைக் காட்டும்" என்று ஓர் அண்ணன் சொன்னது பாதி சரி. யார் எந்தக் குழு என்று எழுதி மூடிய உறையை முன்பே பிரித்துப் பார்த்திருந்தால் வித்தியாசம் தற்செயல் இல்லை. அந்தச் சந்தேகம் இருந்தால் ஒதுக்கீட்டுப் பதிவேட்டில் தேதி வரிசையைப் பாருங்கள், p 0.6 வந்தாலும் மோசடி நடந்திருக்கலாம். இரண்டு ஆரம்ப சுகாதார நிலையங்களை ஒப்பிட்ட டாக்டரம்மா, உங்களுடையதில் ரேண்டமைசேஷனே இல்லை, அது தனிக் கதை.

ரிவியூவர் p கேட்டு அடம்பிடித்தால்? CONSORT-ஐக் காட்டிப் பதில் எழுதலாம். ஏற்பாரா என்பது அவரைப் பொறுத்தது.