எல்லைக் காபன் கட்டணம்: ஒரு திருத்தம்

"ஐரோப்பா நம்மட சாமான்களுக்குப் புதுசா ஒரு சுங்க வரி போட்டிருக்கு, இனி மருதமுனைச் சாரனுக்கும் காபன் காசு கட்டோணும்" என்கிறார் கைத்தறி நெய்யும் சகோதரர் ஒருவர்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் காபன் கட்டணம் சுங்க வரியன்று; இறக்குமதியாகும் பொருளை உற்பத்தி செய்கையில் வெளியான காபனுக்கான விலை. 2026 ஜனவரியிலிருந்து இக்கட்டணம் இரும்பு உருக்கு, அலுமினியம், சீமெந்து, பசளை, ஐதரசன், மின்சாரம் ஆகியவற்றுக்கே உரியது. கைத்தறித் துணி அப்பட்டியலில் இல்லை. ஆகவே, மேலே தம் தறியைப் பற்றிக் கவலைப்பட்ட சகோதரர் இப்போதைக்கு நிம்மதியாக இருக்கலாம்.

ஐரோப்பிய உருக்காலை தான் வெளியிடும் காபனுக்கு உள்நாட்டிலேயே விலை கொடுக்கிறது. வெளியிலிருந்து வரும் உருக்கு அதைக் கொடுக்காவிட்டால், உற்பத்தி கட்டுப்பாடற்ற நாட்டுக்கு நகருமே தவிரப் புகை குறையாது. ஒரு தொன் உருக்குக்கு 2 தொன் காபனீரொட்சைட்டு வெளியாகிறது, ஐரோப்பாவில் ஒரு தொன் காபனீரொட்சைட்டின் விலை 70 யூரோ என்று வைத்துக்கொள்வோம்: முழுக் கட்டணம் 140 யூரோ. உற்பத்தி நாட்டில் தொன்னுக்கு 15 யூரோ உண்மையிலேயே செலுத்தியிருந்தால் 30 கழிந்து, எஞ்சும் 110ஐ ஐரோப்பிய இறக்குமதியாளரே சான்றிதழ் வாங்கிச் செலுத்த வேண்டும். எனினும், ஐரோப்பிய ஆலைகளுக்கு இன்னும் விலையின்றிக் கிடைக்கும் காபன் வெளியீட்டு உரிமை ஒதுக்கீட்டுக்கு ஈடான பங்கு இறக்குமதிக்கும் கழிக்கப்படுவதால், முழுச் சுமை 2034இல்தான் வரும்.

"இறக்குமதியாளர் செலுத்தினாலும் விலையைக் குறைக்கச் சொல்லி நம் தலையில்தானே கட்டுவார்" என்று அம்பாறை நண்பர் எழுதியது பாதி சரி. எவ்வளவு நம் பக்கம் வரும் என்பது பேரம் பேசும் வலுவைப் பொறுத்தது. இக்கட்டணத்தால் ஐரோப்பாவுக்குச் சேரும் பணம் வறிய நாடுகளுக்குத் திரும்ப வேண்டுமா என்ற வாதமும் முடியவில்லை.