மின்சார பில் தப்பாக வந்தால் முழுசாகக் கட்டிவிட்டுத்தான் கேட்க வேண்டுமா?

"முதல்ல கட்டிடுங்கம்மா, அடுத்த பில்லுல கழிச்சுக்கலாம்." 2023 கோடையில் என் சித்திக்குக் கவுண்டரில் கிடைத்த பதில் இதுதான். வழக்கமாக 700, 800 ரூபாய் வருகிற வீட்டுக்கு அந்த முறை 10,070 ரூபாய் பில். சித்தப்பாவின் ஓய்வூதியத்தில் ஓடுகிற வீடு அது. கெடு தேதிக்குள் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். இந்தப் பதில் எவ்வளவு தவறானது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் முதலில் மீட்டரைப் போய்ப் பார்த்தேன். இப்போதுள்ள டிஜிட்டல் மீட்டரில் திரை மாறிக்கொண்டே இருக்கும். தேதி வரும், நேரம் வரும், வேறு எண்களும் வரும். பக்கத்தில் kWh என்று காட்டுகிற எண்தான் நம் ரீடிங். அன்று அது 18,752. பில்லில் இருந்ததோ 19,740. ஓடுகிற மீட்டர் பின்னோக்கிப் போகாது. ரீடிங் எடுத்துச் சில நாள் கழித்தும் மீட்டர் பில்லைவிடக் குறைவாகக் காட்டுகிறது என்றால், எடுத்தவர் தப்பாகப் பதிந்திருக்கிறார் என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. மீட்டர் எண்ணும் ரீடிங்கும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தோம்.

முந்தைய ரீடிங் 18,420. ரீடிங் எடுத்தவர் 18,740 என்பதை 19,740 என்று பதிந்ததில் 320 யூனிட் 1,320 ஆகிவிட்டது. யூனிட் ஏறியது நான்கு மடங்கு, பணம் ஏறியது பதின்மூன்று மடங்கு. நம் கட்டண முறை அப்படி. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 320 யூனிட்டுக்கு முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.25 வீதம், மீதி 4.50 வீதம், ஆக 765 ரூபாய்தான். ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.25 சலுகையே போய்விட்டது, மேலே போகப் போக ஒரு யூனிட் அப்போது 8, 9, 10, 11 ரூபாய் என்று ஏறியது. ஒரே ஓர் இலக்கம் தப்பானதன் விலை 9,305 ரூபாய். இதை "அடுத்த பில்லில் கழிச்சுக்கலாம்" என்றால், 765 ரூபாய் பில் வருகிற வீட்டில் அது கழிந்து முடிய இரண்டு வருஷம் ஆகும்!

சரி, கட்டாமல் இருந்தால் மின்சாரத்தை வெட்டிவிட மாட்டார்களா? இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56(1). பாக்கிக்காக இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் முழுதாக 15 நாள் கெடு கொடுத்து எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதைவிட முக்கியம், அதே பிரிவில் வருகிற விலக்கு. பில்லில் தகராறு இருந்தால், கேட்கிற தொகை அல்லது முந்தைய ஆறு மாதக் கட்டணத்தின் சராசரிப்படியான தொகை, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் செலுத்தினால் போதும். தகராறு தீரும்வரை வெட்டக் கூடாது.

ஆறு மாதம் என்றால் நமக்கு மூன்று பில். சித்தி வீட்டில் அவை 855, 675, 720. சராசரி 750 ரூபாய். உதவிப் பொறியாளருக்கு ஒரு மனு எழுதினோம். இணைப்பு எண், பில்லில் உள்ள ரீடிங், மீட்டரில் உள்ள ரீடிங், போட்டோ, திருத்திய பில் வேண்டும் என்ற கோரிக்கை, அதோடு "பிரிவு 56(1)இன்படி 750 ரூபாயை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்ற ஒரு வரி. நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் சித்தியை நான் நகரவிடவில்லை. வாய்மொழியாகச் சொன்ன புகார் கெடு தேதியன்று உதவாது. கவுண்டரில் பகுதித் தொகையை வாங்க மறுத்தால், டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து மனுவோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடலாம்.

ஆள் வந்து மீட்டரைப் பார்த்தார், பில் 765 ஆகத் திருத்தப்பட்டது. மீதி 15 ரூபாயைக் கட்டினோம்.

எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மீட்டரும் பில்லும் ஒத்துப்போய், யூனிட் மட்டும் கன்னாபின்னாவென்று ஏறியிருந்தால் வீட்டு மெயினை அணைத்துவிட்டு மீட்டரில் மின்னுகிற சிவப்பு விளக்கைப் பாருங்கள். மின்னுவது நின்றுவிட்டால் வீட்டு வயரிங்கையும் மோட்டாரையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். தொடர்ந்து மின்னினால் மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். சோதனைக்குக் கட்டணம் உண்டு. பிரிவு அலுவலகம் கைவிரித்தால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேலே மின்குறை தீர்ப்பாளர் என்று வழி இருக்கிறது.

கவுண்டரில் இருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வரிசையில் நிற்கிற கூட்டத்தை அவர்கள் சமாளிக்க வேண்டும். ஆனால் கட்டாவிட்டால் துண்டிக்கப்படும் என்று குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, தகராறு இருந்தால் ஆறு மாதச் சராசரியைக் கட்டலாம் என்று அதிலேயே இன்னொரு வரி சேர்க்க என்ன தடை? அந்த வரியைப் பில்லிலும் கவுண்டர் சுவரிலும் தமிழில் போடுங்கள்.