சொன்னால் பீற்றல், சொல்லாவிட்டால் ஒளிப்பு, உள்ளதைச் சொன்னால் கேலியா?

அந்த ஸ்கிரீன்ஷாட்டை நான் மறுபடி இங்கே போடப்போவதில்லை. எல்லோரும் பார்த்தாயிற்று, சிரித்தும் ஆயிற்று. துணை தேடும் செயலியில் ஒரு மனிதர் தன் பயோவில் எழுதிய மூன்றே வரி. தனியாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும் என்றாலும் வருடக் கடைசியில் செலவு போகக் கொஞ்சம் நிற்கும், படிப்புக் கடன் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இவ்வளவுதான். இதற்கு "பயோவா, லோன் அப்ளிகேஷனா?" என்று தலைப்பு வைத்து ஒருவர் பகிர, என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிற நல்லவர்கள் எல்லாம் வரிசையில் நின்று சிரிப்புக்குறி போட்டிருக்கிறீர்கள்.

எனக்கு அந்த மூன்று வரியில் ஒரு குறையும் தெரியவில்லை. சொல்லப்போனால், வேலையையும் வருமானத்தையும் பற்றி நான் படித்த பயோக்களில் உருப்படியானது அதுதான். என்ன செய்கிறார் என்று தெரிகிறது. காசு எப்படி வருகிறது, அது போதுமா, கழுத்தில் என்ன பாரம் இருக்கிறது என்பதும் தெரிகிறது. தொகை மட்டும் இல்லை. தொகை பயோவில் இருக்கவும் கூடாது.

"தொகையைச் சொல்லாமல் என்ன நேர்மை?" என்று அங்கே ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குத்தான் முதலில் பதில். தொகை என்று எதைச் சொல்லச் சொல்கிறீர்கள், சார்?

என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் வீடியோ எடிட்டர், எந்த நிறுவனத்திலும் இல்லை, வேலைக்கு வேலை காசு. ஒரு மாதம் நான் போடும் பில் 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் மென்பொருள் சந்தா, ஹார்டு டிஸ்க், ஒலியைச் சரிசெய்து தருகிற பையனுக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்து 30 போய்விடும். மெஷின் என்றைக்காவது படுத்துவிடும் என்று 10 ஒதுக்கி வைக்க வேண்டும். வரிக்கு இன்னொரு 10. என் கையில் நிற்பது 50. அந்த 50-ம் அந்த மாதமே வராது. பில் போட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து, நாலு முறை நினைவூட்டிய பிறகு வரும். நடுவில் பில்லே போடாத மாதமும் உண்டு. வேலை குவிந்த மாதத்தில் பில் 180-ஐத் தொட்டதும் உண்டு.

இப்போது என் வருமானம் எவ்வளவு? 180 என்று எழுதலாம், அப்படி ஒரு மாதம் உண்மையிலேயே இருந்தது. 100 என்று எழுதலாம், பில் இருக்கிறது, காட்டுவேன். 50 என்றும் எழுதலாம். மூன்றில் எதுவும் பொய் இல்லை. ஆனால் முதல் இரண்டையும் படிப்பவர் மனதில் விழுவது பொய்தான். "சொந்தத் தொழில், ஏழு இலக்க வருமானம்" என்று போட்டுக்கொள்கிறவர்களில் நிறையப் பேர் சொல்வது இந்த முதல் இரண்டில் ஒன்றை. மாதத்துக்கா வருடத்துக்கா, மொத்த விற்பனையா மிஞ்சியதா, வரிக்கு முன்னா பின்னா என்று எதுவும் இல்லாமல் ஒரு இலக்கம் மட்டும் நின்றால், அதைப் படிக்காமல் தாண்டிப் போவது நல்லது.

மாதச் சம்பளக்காரர்கள் மட்டும் சுத்தமா என்றால், அதுவும் இல்லை. ஆஃபர் லெட்டரில் பெரிய எழுத்தில் இருக்கிற ஆண்டுத் தொகையைத்தான் பலரும் தங்கள் சம்பளம் என்று சொல்கிறார்கள். அதற்குள் நிறுவனம் கட்டும் ஓய்வூதியப் பங்கு இருக்கும், காப்பீடு இருக்கும், வந்தால் வரும் வராவிட்டால் இல்லை என்கிற போனஸ் இருக்கும். சில இடங்களில் நாலு வருடத்தில் துண்டு துண்டாகக் கைக்கு வரவேண்டிய பங்குகளும் இருக்கும், நடுவில் வேலையை விட்டால் மிச்சம் போச்சு. இத்தனையும் கூட்டி வந்த எண்ணை வைத்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறவரை யாரும் லோன் அப்ளிகேஷன் என்று கேலி செய்வதில்லை. "செட்டில்டு" என்கிறோம்.

ஓகேகியூபிட் என்கிற துணை தேடும் தளம் 2010-இல் தன் பயனர்களின் விவரங்களை அலசி, அவர்கள் சொல்லும் வருமானம் உண்மையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாக இருக்கும் என்று எழுதியது. யாருடைய சம்பளச் சீட்டையும் வாங்கிப் பார்த்துச் சொன்னதில்லை, பொதுமக்களின் வருமானக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்ததுதான், அதனால் அதை ரொம்பவும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2008-இல் வந்த இன்னொரு ஆய்வு. நியூயார்க்கில் இப்படித் துணை தேடும் 80 பேரை நேரில் வரவழைத்து, உயரத்தையும் எடையையும் அளந்து, வயதை ஓட்டுநர் உரிமத்தில் பார்த்து, அவர்கள் எழுதியிருந்ததோடு ஒப்பிட்டார்கள். பத்தில் எட்டுப் பேர் ஏதாவது ஒன்றிலாவது பொய் சொல்லியிருந்தார்கள். ஆனால் பெரும்பாலும் சின்னச் சின்னப் பொய்கள். நேரில் சந்தித்தால் தெரிந்துவிடும் என்கிற பயம் ஒரு காரணம் என்றுதான் நானும் நினைக்கிறேன். உயரத்தை எதிரில் உட்கார்ந்ததும் பார்த்துவிடலாம். வருமானத்தை எப்படிப் பார்ப்பீர்கள்? யாரும் நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருவதில்லையே. அதனால்தான் வேலை விஷயத்தில் கை கூசாமல் அளக்கிறார்கள். அப்படி அளக்காத ஒருவர் கிடைத்தால் அவரைத்தான் பிடித்து வைத்து அடிக்கிறோம்.

பொருளைப் பார்ப்பதே அன்புக்கு அழகில்லை என்றும் ஒரு அம்மணி உபதேசம் செய்திருந்தார். வாடகை கட்டாத அன்பு எதுவும் எனக்குத் தெரியாது. அடுத்தது.

"இதையெல்லாம் எழுதினால் யாருமே பதில் போடமாட்டார்கள்." இதில் உண்மை இருக்கிறது, மறுக்கமாட்டேன். என் பயோவில் "வீடியோ எடிட்டர், விளம்பரங்களும் நிறுவனப் படங்களும் வெட்டி ஒட்டித் தருகிறேன், மாதச் சம்பளம் கிடையாது, வேலை வரத்து ஏறி இறங்கும், ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்திருக்கிறேன்" என்று எழுதினேன். என் தோழி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "விஷுவல் ஸ்டோரிடெல்லர், கிரியேட்டிவ் என்ட்ரப்ரனர்னு போடு, என்ன குறைஞ்சு போகும்?" என்றாள். குறைவது இதுதான்: அதைப் படித்துவிட்டு வருகிறவர் வேறு யாரையோ பார்க்க வருவார். முதல் சந்திப்பு முழுக்க நான் அந்த வேறு யாரோவைச் சமாளித்துக்கொண்டிருக்க வேண்டும். காலையில் பதினோரு மணிவரை ஒரு சோப்பு விளம்பரத்தில் நுரை எந்த ஃபிரேமில் கட் ஆக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறவர் கதைசொல்லியா? பதவிப் பெயரில் யார் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம். என்ன செய்கிறேன் என்று வினைச்சொல்லோடு எழுதிப் பாருங்கள், ஒளிய இடமே இருக்காது.

அப்படி எழுதியும் ஒருவர் பதில் போட்டார். பேசினோம், சந்தித்தோம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டீ ஆறிக்கொண்டிருக்கும்போது, ரொம்ப மென்மையாக, என்னைக் காப்பாற்றுகிற குரலில் கேட்டார்: "ஃப்ரீலான்ஸ்னா, வேலை இல்லைங்கிறதை மரியாதையா சொல்றதுதானே?" அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் காசு என்றால் முதல் தேதி வருவது. நான் சிரித்து வைத்தேன். அன்று இரவு இரண்டு மணிவரை ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாப் படத்தை முடித்துக் கொடுத்தேன், வேலை இல்லாதவர் என்ற முறையில்.

அதனால், "மறைத்தால்தான் என்ன, நெருக்கமான பிறகு சொல்லிக்கொள்ளலாமே" என்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. தொகையை நெருக்கமான பிறகு சொல்லுங்கள், அதில் சண்டையே இல்லை. பொதுவெளியில் எண்ணைப் போட்டால் முதலில் மோப்பம் பிடிப்பது காதலர்கள் இல்லை, காதல் வேஷம் போட்டுக் காசு கறக்கிறவர்கள். போதாததற்கு அந்த எண் ஆறு மாதத்தில் பழசாகிவிடும். ஆனால் காசு எப்படி வருகிறது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். நிலையானதா, ஏறி இறங்குவதா, கமிஷனா, குடும்பத் தொழிலில் கைச்செலவுக்கு வாங்குவதா, இப்போது வேலை தேடுகிறீர்களா. வேலை போனவர்கள் பழைய பதவியையே போட்டு வைத்திருப்பதை நிறையப் பார்க்கிறேன். "இன்ன வேலை பார்த்தேன், இப்போது தேடுகிறேன், சேமிப்பில் ஓடுகிறது" என்று எழுதுவதில் ஒரு வெட்கமும் இல்லை. மூன்றாவது சந்திப்பில் வேறு யார் மூலமாவது தெரியவந்தால்தான் அசிங்கம்.

அப்புறம், இரண்டு பேரும் சேர்ந்து வாழ்வதைப் பற்றி நிஜமாகவே பேச ஆரம்பித்துவிட்டால் ஒற்றை எண் போதாது. நான் சொல்வதென்றால், கடந்த பன்னிரண்டு மாதத்தில் செலவும் வரியும் போகக் கைக்கு வந்ததைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்ததைச் சொல்வேன். கூடவே அதிலேயே மோசமான மாதம் எவ்வளவு என்றும், என்ன கடன் இருக்கிறது, வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறேன் என்றும் சொல்வேன். சராசரியை மட்டும் சொல்லிவிட்டு மோசமான மாதத்தை விழுங்கினால் அதுவும் ஒளிப்புதான். வாழப்போகிறவருக்கு வலிக்கப்போவது அந்த மாதம்தானே.

நிறையச் சம்பாதிக்கும் பெண்கள் பக்கம் இது தலைகீழாக ஓடுகிறது. எனக்குத் தெரிந்த ஒருத்தி ஒரு பிரிவுக்கே தலைவி, பயோவில் "ஐடியில் வேலை" என்று மட்டும் எழுதச் சொல்லி வீட்டில் பாடாய்ப் படுத்தினார்கள். வருகிறவர் மிரண்டுவிடுவாராம். மிரளுகிறவர் முதல் வரியிலேயே மிரண்டு ஓடிவிட்டால் இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம் என்று அவளுக்கு மட்டும்தான் தோன்றியது. "நாற்பது பேர் கொண்ட அணியை நடத்துகிறேன், வேலை நேரம் நீளும்" என்று எழுதினாள். அதைப் பீற்றல் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அணியை நடத்துவது வேலை, அதை எழுதினாள். காரின் படத்தை எழுதாமலே போட்டுக்கொள்கிறவர்களிடம் போய் இதைக் கேளுங்களேன்.

எனக்கு உறுத்துவது அந்தக் கேலியைத் தொடங்கியவர்கூட இல்லை, அவரை எனக்குத் தெரியாது. என் வேலை எப்படிப்பட்டது, எந்த மாதம் நான் யாரிடம் கைமாற்று வாங்கினேன், எப்போது திருப்பிக் கொடுத்தேன் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் அங்கே சிரித்திருக்கிறீர்கள். அந்த மனிதர் எழுதிய மூன்று வரியும் கிட்டத்தட்ட என்னுடையதுதான், கணக்குக்குப் பதில் வீடியோ. என்னைப் பற்றியும் உள்ளுக்குள் இதைத்தான் நினைத்திருந்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கமாட்டேன், பயப்படாதீர்கள்.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு "சரி, உன் 100 எவ்வளவு?" என்று இன்பாக்ஸில் வராதீர்கள். வந்தே தீருவேன் என்பவர்கள் தங்கள் பன்னிரண்டு மாதக் கணக்கோடு வரவும், மோசமான மாதம் உட்பட.