புது ரூட்டரால் பழைய கருவிகள் வேகமாகுமா?

“வைஃபை 6 ரூட்டர் மாட்டினால் வீட்டிலுள்ள பழைய போன், கேமரா எல்லாமே வேகமாகும், பேட்டரியும் கூடுதலாக நிற்கும்.”

இது தவறு. வைஃபை 6-இல் உள்ள ஓஎஃப்டிஎம்ஏ என்ற நுட்பம் 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அதிகபட்சம் 9 துண்டுகளாகப் பிரித்து, ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குத் தருகிறது. குறைவது வரிசையில் காத்திருக்கும் நேரம்தான். ஒரு கருவியின் உச்ச வேகம் இதனால் அதிகரிப்பதில்லை. அந்தத் துண்டைப் பிடிக்கக் கருவியிலும் வைஃபை 6 சிப் வேண்டும்.

ஒரு வீட்டில் 4 புதிய போன்களும் 6 பழைய கேமராக்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். போன்களின் சிறு தரவுப் பொட்டலங்கள் ஒன்றாகப் போகும். ஆனால் ஒரு பழைய கேமரா படம் அனுப்பும்போது முழு அலைவரிசையும் அதற்கே. அதே சேனலில் உள்ள மற்ற எல்லாமே காத்திருக்கும். முடிந்தால் கேமராக்களுக்குக் கேபிள் இழுத்துவிடுங்கள், அதுவே பெரிய நிவாரணம்.

கருவி தூங்கி விழிக்கும் நேரத்தை ரூட்டருடன் முன்பே பேசிவைக்கும் டிடபிள்யூடி வசதியும் இரு பக்கமும் இருந்தால்தான் நடக்கும். பேட்டரியில் ஓடும் சென்சாருக்கு அது வரம். மின்சாரத்தில் எரியும் வைஃபை பல்புக்குப் பயனில்லை.

விண்டோஸ் கணினியில் பார்க்க:

```
netsh wlan show interfaces
```

`Radio type` வரியில் `802.11ac`, அதாவது வைஃபை 5, என்றிருந்தால், இந்த இணைப்பில் ஓஎஃப்டிஎம்ஏ, டிடபிள்யூடி இரண்டும் வேலை செய்யவில்லை.