சரிபார்ப்பு முடிந்தாலும் தனி மெசேஜ் கூடாது

"போலீஸ் சரிபார்ப்பு முடிந்த பயிற்சியாளர் பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பலாம்."

அப்படி இல்லைங்க. அந்தச் சான்றிதழ், கொடுத்த தேதிவரை அவர்மேல் பதிவான குற்றம் எதுவும் தேடலில் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. யாரும் புகார் கொடுக்காதது அதில் வராது, பிறகு நடந்ததும் வராது. தனி மெசேஜ் பற்றிய விதி வேறு, அது தன்னார்வலருக்கும் பொருந்தும். ராத்திரி ஒரு பிள்ளை "நாளைக்குப் பயிற்சி உண்டா சார்?" என்று கேட்டால், பதிலைப் பெற்றோரும் இருக்கும் குழுவில் போடுவதுதான் முறை. பிள்ளையின் அம்மா சம்மதித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், அது பாதி சரி, அம்மாவும் அந்த உரையாடலில் இருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் சான்றிதழின் தேதியையும் வாசகத்தையும் படியுங்கள், அப்புறம் கிளப்பின் நடத்தை விதிகளைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளோடு தொடர்புகொள்வது பற்றிய பகுதியைப் பாருங்கள்.