வட்டிக்கு ஒரு கணக்கு, டிவிடெண்டுக்கு ஒரு கணக்கு

கம்பெனி கட்டும் வட்டியைச் செலவாகக் கழித்துவிட்டு மீதி லாபத்துக்கு மட்டும் வரி கட்டலாம். பங்குதாரருக்குக் கொடுக்கும் டிவிடெண்டை அப்படிக் கழிக்க முடியாது. உலகின் பெரும்பாலான நாடுகளில் இதுதான் நடைமுறை. இந்த ஒரு வித்தியாசம், கம்பெனிகள் எங்கிருந்து பணம் திரட்டுகின்றன என்பதையே மாற்றிவிடுகிறது என்பது என் கருத்து.

ஒரே மாதிரித் தொழில் செய்யும் இரண்டு கம்பெனிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் போட்ட முதல் 100 கோடி. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 12 கோடி, வரி 25 சதவீதம். முதல் கம்பெனியில் மொத்தமும் பங்கு மூலதனம். அது 3 கோடி வரி கட்டுகிறது, 9 கோடி மிஞ்சுகிறது. இரண்டாவது கம்பெனி 60 கோடியை 8 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறது. வட்டி 4.8 கோடி போக 7.2 கோடிக்குத்தான் வரி, அதாவது 1.8 கோடி. உரிமையாளர்களுக்கு மிஞ்சுவது 5.4 கோடி. ஆனால் அவர்கள் போட்டது 40 கோடிதான் என்பதால், அவர்களுக்கு 13.5 சதவீதம் கிடைக்கிறது. முதல் கம்பெனிக்காரர்களுக்கு 9 சதவீதம்தான்.

இந்த உயர்வு முழுவதும் வரியால் வந்ததில்லை. கடன் வாங்கியவர் கூடுதல் ரிஸ்க் எடுக்கிறார், அதற்கான கூலியும் இதில் உண்டு. வரியால் வந்தது எவ்வளவு என்றால், 3 கோடிக்குப் பதில் 1.8 கோடி கட்டியதால் அரசுக்குப் போகாமல் நின்ற 1.2 கோடி. வட்டி 4.8 கோடியில் சரியாக 25 சதவீதம். பொருளாதார அறிஞர்கள் மோடிகிலியானியும் மில்லரும் வரியே இல்லாத உலகில் கடனா பங்கா என்பதால் கம்பெனியின் மதிப்பு மாறாது என்று 1958இல் காட்டினார்கள். பிறகு 1963இல் வரியைச் சரியாகச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, கடன் பக்கம் தராசு சாய்ந்தது.

அடுத்த வருடம் வியாபாரம் படுத்து லாபம் 4 கோடிக்கு இறங்குகிறது என்று வையுங்கள். முதல் கம்பெனி 1 கோடி வரி கட்டிவிட்டு 3 கோடியோடு நிற்கும். டிவிடெண்டை நிறுத்தினாலும் யாரும் வழக்குப் போட முடியாது. இரண்டாவது கம்பெனிக்கோ வட்டியே 4.8 கோடி. 80 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். போட முடியாவிட்டால் கடன்காரர் சொத்தில் கை வைப்பார். கழிக்க லாபம் இல்லாததால் வட்டியின் ஒரு பகுதிக்கு அந்த வருடம் வரிச் சலுகையும் கிடைக்காது. நல்ல காலத்தில் வரிச் சட்டம் தூண்டிவிட்ட கடன், கெட்ட காலத்தில்தான் கழுத்தை நெரிக்கும். என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

சரி, இந்த வித்தியாசத்துக்கு நியாயம் என்ன? கடன் கொடுத்தவர் வெளியாள், அவருக்குக் கொடுப்பது செலவு; பங்குதாரர் உரிமையாளர், அவருக்குப் போவது லாபத்தில் பங்கு என்பார்கள். கணக்குப் பதிவில் இது சரிதான். ஆனால் தொழிலின் கண்ணில் இரண்டுமே முதலுக்குக் கொடுக்கும் விலை. பங்குதாரரும் பணத்தைச் சும்மா போட்டுவைக்க மாட்டார். வட்டிக்கான வரியைக் கடன் கொடுத்தவர் கையில் பிடித்துவிடுகிறோமே என்பது இன்னொரு வாதம். அவர் வரிவிலக்கு பெற்ற ஓய்வூதிய நிதியாகவோ, வரியே இல்லாத நாட்டில் பதிவான கம்பெனியாகவோ இருந்தால் எங்குமே பிடிபடுவதில்லை.

இந்தச் சலுகை பிறந்த விதத்திலும் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டுச் சட்டம், செலுத்தப்பட்ட பங்கு மூலதனத்தின் அளவுக்கு உட்பட்ட கடனின் வட்டியை மட்டுமே கழிக்க விட்டது. முதல் உலகப்போர் கால மிகை லாப வரியை ஈடுகட்டத்தான் 1918இல் முழு வட்டியையும் கழிக்கலாம் என்றார்கள். அந்த மிகை லாப வரி 1921இல் போனது. சலுகை மட்டும் தங்கிவிட்டது.

அப்புறம், உரிமையாளரே தன் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வித்தை இருக்கிறது. பன்னாட்டுக் குழுமம் வரி குறைந்த நாட்டிலுள்ள தன் கிளையிலிருந்து வரி கூடிய நாட்டின் கிளைக்குக் கடன் கொடுக்கும். வட்டி என்ற பெயரில் லாபம் அங்கே நகர்ந்துவிடும். பங்கு மூலதனம் பெயருக்கு இருக்கும், கடன் மலை போல் இருக்கும், கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே குடும்பமாக இருப்பார்கள். இதைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். இதைத் தடுக்கத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல், நிகர வட்டிக் கழிவை வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தில் பொதுவாக 30 சதவீதத்துக்குள் நிறுத்தியது.

எனக்கு இந்த உச்சவரம்பு மட்டும் போதாது. பங்கு மூலதனத்துக்கும் ஒரு கழிவு வேண்டும். பெல்ஜியம் 2006இல் அதைச் செய்து பார்த்தது: பங்கு மூலதனத்துக்கு ஒரு கற்பனை வட்டி போட்டு அதைக் கழிக்க அனுமதித்தது. குழுமங்கள் ஒரே பணத்தைத் தங்கள் கிளைகளுக்குள் சுற்றவிட்டுப் பலமுறை கழிவு வாங்கப் பார்த்தன. அரசுக்கு ஆன செலவும் எகிறியது. 2018இல் புதிதாகக் கூடிய மூலதனத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள், 2023இல் எடுத்தேவிட்டார்கள். என் பார்வையில் அந்தச் சுருக்கத்தோடு தொடங்கியிருக்க வேண்டும்: வெளியாரிடமிருந்து புதிதாக வந்த பங்குப் பணத்துக்கு மட்டும் கழிவு, குழுமத்துக்குள் சுற்றும் பணத்துக்குக் கிடையாது.