முறுக்கு கடிக்கும்போது வராத தாடை வலி

அப்பாவின் தாடை வலி, தோள் வலி பற்றிப் போன மாதம் எங்கள் குடும்ப டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அப்பாவை நேரே கூட்டிப்போனால் “ஒண்ணுமில்ல சார், லேசா பல்லு வலி” என்றுதான் சொல்வார். வயது 74, சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அதற்குள் பல் டாக்டரையும் பார்த்தாயிற்று. எக்ஸ்ரே எடுத்து, பல்லில் பழுதில்லை என்று அனுப்பிவிட்டார். தோளுக்கு அம்மா தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தேகம் வந்தது முறுக்கால். சாயங்காலம் அதைக் கடக் கடக்கென்று கடித்துத் தின்கிறார், வலியே இல்லை. மறுநாள் காலை அவரோடு தெப்பக்குளத்துக்கு நானும் நடந்தேன். வந்து எழுதியது இது:

“டாக்டர், அப்பாவுக்கு 12 நாளாக, நடந்தால் மட்டும் இடது தாடையும் தோளும் வலிக்கின்றன. முன்பு வந்ததில்லை. 4 நிமிடத்தில், குளத்தின் முதல் பக்கம் முடியும்போதே தொடங்குகிறது. நின்றால் 3 நிமிடத்தில் விடுகிறது. நடந்தால் மறுபடி வருகிறது. போன வாரம் ஒரு சுற்று முடிந்த பிறகுதான் வந்ததாம். மெல்லும்போது இல்லை. கையைத் தூக்கினால் இல்லை. காலையில் தோள் இறுக்கமோ, தலைவலியோ, பார்வை மங்கலோ இல்லை. நெஞ்சு வலி இல்லை என்கிறார், ஆனால் நெற்றி வியர்த்திருந்தது. சும்மா இருக்கும்போது இதுவரை வரவில்லை. மாத்திரைச் சீட்டின் படம் கீழே.”

வாயு, சுளுக்கு, அடைப்பு என்று எந்தப் பெயரையும் நான் எழுதவில்லை. அரை மணி நேரத்தில் டாக்டரே போன் செய்தார்: “நடக்க விடாதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க.”

இதயத்துக்கு ரத்தம் பற்றாதபோது எழும் வலியை மூளை சில சமயம் தாடையிலோ தோளிலோ இருப்பதாக எடுத்துக்கொள்ளுமாம். நரம்புகள் உள்ளே போய்ச் சேரும் இடம் அப்படி. சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலி வராமலே போகலாம். நான் எழுதிய ‘இல்லை’களும் டாக்டருக்கு உதவின. மெல்லும்போது தாடை வலித்து, தலைவலியும் காலையில் தோள் இறுக்கமும் இருந்தால், அது நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். விட்டால் பார்வையே போய்விடலாம். அதற்கு வைத்தியமே வேறு.

இசிஜி நார்மல். நாங்கள் பெருமூச்சு விட்டோம், டாக்டர் விடவில்லை. வலி இல்லாமல் படுத்திருக்கும்போது எடுத்த இசிஜி நன்றாக இருந்தால் அடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. வலி புதிது, அதுவும் நாளுக்கு நாள் குறைந்த தூரத்திலேயே வருகிறது என்பதால் அன்றைக்கே இதய டாக்டரிடம் அனுப்பினார். ஆஞ்சியோவில் ஒரு குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நின்றதும் வலி விட்டதால்தான் கடிதம் எழுத நேரம் இருந்தது. அதுவே அரை நாள் தாமதம் என்று டாக்டர் கடிந்துகொண்டார். நின்றும் விடாமல் இருந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ 108தான்.

அப்பா இன்னமும் அதைப் பல் வலி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நல்ல பல்லைப் பிடுங்காமல் அனுப்பிய பல் டாக்டருக்கு நான்தான் நன்றி சொல்லவேண்டியிருக்கிறது.